அவசர வைத்தியச் செலவு: நகையை அடகு வைப்பதா, தனிநபர் கடன் எடுப்பதா?

வெள்ளிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வருகிறது. தனியார் வைத்தியசாலையில் அன்ஜியோகிராம் செய்து பார்த்த வைத்தியர், இரண்டு இடங்களில் அடைப்பு இருப்பதால் ஸ்டென்ட் வைக்க வேண்டும், நாட்களைக் கடத்துவது நல்லதல்ல என்கிறார். கணக்குப் பிரிவில் தந்த மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 10 இலட்சம் ரூபா என்று இருக்கிறது. மகனுக்குக் கையில் கிடைக்கும் சம்பளம் மாதம் 1,40,000 ரூபா. மனைவியிடம் ஒன்பது பவுன் நகை இருக்கிறது. நகையை அடகு வைப்பதா, வங்கியில் தனிநபர் கடன் கேட்பதா என்ற கேள்வி அன்றிரவே அந்த வீட்டில் எழுகிறது.

கொழும்பில் ஒரு வங்கிக் கிளையின் அடகுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தக் கேள்வியோடு வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்டது வட்டி எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கடனைத் திருப்பிக் கட்டும் காசு மொத்தமாக வரப்போகிறதா, மாதாமாதம் சிறிது சிறிதாக வரப்போகிறதா? இதற்கான விடை தெரிந்தால், எந்தக் கடன் பொருத்தம் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். கீழே நான் போடும் கணக்குகளில் உள்ள வட்டி வீதங்களும் தொகைகளும் எடுத்துக்காட்டுக்கானவை. நீங்கள் போகும் நாளில் வங்கி சொல்லும் வீதத்தைப் போட்டு அதே கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் அடகைப் பார்ப்போம். நம் பேச்சில் அடைவு வைப்பது என்றும் சொல்வோம். வங்கியின் அடகுக் கருமபீடத்தில் நகையையும் தேசிய அடையாள அட்டையையும் கொடுத்தால், உத்தியோகத்தர் நகையை உரைகல்லில் மெல்லத் தேய்த்து, கல்லில் விழுந்த மஞ்சள் கோட்டின் மேல் ஒரு துளி அமிலம் விட்டுப் பார்ப்பார். கோடு கரையாமல் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கொண்டு அது எத்தனை கரட் என்று கணிப்பார். சில கிளைகளில் இதற்கு இயந்திரமும் உண்டு. பிறகு நிறுப்பார். கல் வைத்த நகையானால் கல்லின் நிறையையும், உள்ளே அரக்கு இருந்தால் அதன் நிறையையும் கழித்துவிட்டு எஞ்சும் நிகர நிறைக்கே பணம் தருவார்கள். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு, அந்தக் கரட்டுக்கு, அன்று எவ்வளவு முற்பணம் தரலாம் என்று வங்கியிடம் ஒரு பட்டியல் இருக்கும். அது சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் பொன் விலை இறங்கினாலும் வட்டி சேர்ந்தாலும் தன் பணம் தப்ப வேண்டும் என்று வங்கி ஓர் இடைவெளி விட்டுத்தான் கடன் கொடுக்கிறது. நம் குடும்பத்தின் 22 கரட் நகைக்குப் பவுனுக்கு 2 இலட்சம் ரூபா தருகிறார்கள் என்று கொள்வோம். அப்படியானால் 10 இலட்சத்துக்கு ஐந்து பவுன் போதும். சம்பளச் சீட்டு, பிணையாளர் எதையும் கேட்க மாட்டார்கள். கூட்டம் இல்லாத வேளையில் அரை மணித்தியாலத்தில் பணத்தோடு வெளியே வரலாம்.

தனிநபர் கடன் இப்படி அமையாது. அங்கே வங்கி பிடித்துக்கொள்ளும் பொருள் எதுவும் இல்லை, உங்கள் வருமானத்தைத்தான் நம்புகிறது. ஆகவே கடைசிச் சில மாதங்களின் சம்பளச் சீட்டுகள், தொழில் வழங்குநரின் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கேட்கும். பல இடங்களில் இரண்டு பிணையாளர்களும் தேவைப்படும். அதற்குமேல், நம்மவர்கள் கிரிப் என்று சுருக்கமாகச் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் பழைய கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும். முன்பு ஒரு கடனட்டையிலோ லீசிங் தவணையிலோ நீண்ட நிலுவை விட்டிருந்தால் அது அங்கே தெரியும். சம்பளம் அந்த வங்கிக்கே போகிறவர்களுக்குச் சில நாட்களிலும், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் அளவிலும் பணம் கிடைப்பது வழக்கம். சனிக்கிழமை காலை வைத்தியசாலைக்குக் கட்ட வேண்டிய முற்பணத்துக்கு இது உதவாது.

இந்த இடத்தில் ஒரு நடைமுறை விடயத்தைச் சொல்ல வேண்டும். வைத்தியசாலை முழுத் தொகையையும் முதல் நாளே கேட்பது குறைவு. அனுமதிக்கும்போது ஒரு முற்பணமும், வீடு திரும்பும்போது மிகுதியும் கேட்கும். ஆகவே பதற்றத்தில் 10 இலட்சத்துக்கும் சேர்த்து முதல் நாளே நகையைக் கொண்டுபோய்க் கொடுக்காமல், முற்பணம் எவ்வளவு, மிகுதி எப்போது என்று கணக்குப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். நகை வங்கிப் பெட்டகத்தில் இருந்தால், பெட்டகப் பிரிவும் அடகுப் பிரிவும் சனிக்கிழமையில் திறந்திருக்குமா என்பதையும் வெள்ளிக்கிழமையே அறிந்துகொள்வது நல்லது.

இனி வட்டி. அடகு வட்டி பொதுவாக மாதக் கணக்கில் பேசப்படுகிறது. நூற்றுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 12 வீதம், நூற்றுக்கு ஒன்றரை என்றால் 18 வீதம், தனியார் அடகுக் கடையில் நூற்றுக்கு மூன்று என்று சொன்னால் அது ஆண்டுக்கு 36 வீதம். மாதக் கணக்கில் காதில் விழும்போது சின்னதாகத் தெரியும் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்த பிறகே வங்கி வட்டியோடு ஒப்பிட வேண்டும். நாட்டில் வட்டி வீதங்கள் மிக உயர்ந்திருந்த 2023 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி, வங்கிகளின் அடகு முற்பணங்களுக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்று உச்ச வரம்பு விதித்தது நினைவிருக்கலாம். அதன் பிறகு வீதங்கள் இறங்கின. நம் கணக்குக்கு அடகை 12 வீதம் என்றும், தனிநபர் கடனை 15 வீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பிடிமானம் இருக்கும் கடனுக்கு வட்டி குறைவாகவும், இல்லாத கடனுக்குக் கூடுதலாகவும் இருப்பது இயல்பே.

பத்து இலட்சத்தை 15 வீதத்தில், நான்கு ஆண்டுத் தவணையில், குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி என்ற முறையில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 27,830 ரூபா வரும். நாற்பத்தெட்டு மாதங்களில் மொத்தம் 13,36,000 ரூபா அளவில் கட்டுவீர்கள், அதாவது வட்டி மட்டும் 3,36,000 ரூபா. சில நிதி நிறுவனங்கள் இதே கடனை நிலையான 10 வீதம் என்று சொல்லித் தருவதுண்டு. அந்த முறையில், நீங்கள் கட்டிக் குறைத்த பணத்துக்கும் சேர்த்து நான்கு ஆண்டுகளும் முழு 10 இலட்சத்துக்கே வட்டி போடப்படும். ஆண்டுக்கு ஒரு இலட்சமாக நான்கு இலட்சம் வட்டி, மாதத் தவணை 29,167 ரூபா. காதுக்கு 10 வீதம் என்று கேட்டாலும், உண்மையில் அது குறைந்து செல்லும் முறையில் 17.6 வீதத்துக்குச் சமம். ஆகவே வீதத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், மாதத் தவணை எத்தனை ரூபா, எத்தனை மாதம் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஆவணக் கட்டணத்தையும் கடன் காப்புறுதித் தொகையையும் முதலிலேயே கழித்துக்கொண்டுதான் பணம் தருவார்களா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடகில் தவணை என்று ஒன்று இல்லை. பெரும்பாலும் அடகுச் சீட்டு ஓராண்டுக்கு எழுதப்படும், குறுகிய காலச் சீட்டுகளும் உண்டு. அந்தக் காலத்துக்குள் விரும்பிய நாளில் வட்டியை மட்டும் கட்டலாம், முதல் தொகையில் ஒரு பகுதியைக் கட்டலாம், ஒன்றுமே கட்டாமலும் இருக்கலாம். கட்டியிருக்கிறீர்களா என்று மாதாமாதம் யாரும் தொலைபேசியில் கேட்க மாட்டார்கள். அடகின் மிகப் பெரிய வசதி இதுதான், நகைகள் ஏலம் போவதற்கு நான் கண்ட முதற்காரணமும் இதுதான்.

நம் குடும்பத்துக்கு மொத்தமாகக் காசு வரும் வழிகள் சில இருக்கின்றன. மகனின் அலுவலக வைத்தியக் காப்புறுதி மூன்று மாதத்தில் 3 இலட்சம் திருப்பித் தரும். மனைவி மாதாமாதம் போடும் சேமிப்புச் சீட்டு ஆறாவது மாதம் விழுந்தால் இன்னொரு 3 இலட்சம். கனடாவில் இருக்கும் தம்பி ஆண்டு முடிவதற்குள் 4 இலட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இவர்கள் ஐந்து பவுனையும் ஒரே சீட்டில் வைக்காமல், 3 இலட்சம், 3 இலட்சம், 4 இலட்சம் என்று மூன்று சீட்டுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். மூன்றாம் மாதம் முதல் சீட்டை 9,000 ரூபா வட்டியோடும், ஆறாம் மாதம் இரண்டாவதை 18,000 ரூபா வட்டியோடும், பன்னிரண்டாம் மாதம் மூன்றாவதை 48,000 ரூபா வட்டியோடும் மீட்கிறார்கள். மொத்த வட்டி 75,000 ரூபா. மொத்தமாகக் காசு வரப்போகும் குடும்பத்துக்கு அடகே சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சீட்டுகளைப் பிரித்து வைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் இதை அறியாமல் தவித்தவர்கள் பலர். எல்லா நகையும் ஒரே சீட்டில் இருந்தால், பாதிப் பணத்தைக் கட்டினாலும் ஒரு காப்பைக்கூடக் கையில் வாங்க முடியாமல் போகலாம். சீட்டு முழுவதையும் தீர்த்தால்தான் பொதி திறக்கப்படும். பிரித்து வைத்திருந்தால், மூன்று இலட்சம் கிடைத்த அன்றே இரண்டு காப்பாவது வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டு முடிவில் ஏதோ காரணத்தால் கையிருப்புக் குறைந்தாலும் எல்லாம் சேர்ந்து ஏலத்துக்குப் போகாமல் ஒரு சீட்டோடு இழப்பு நின்றுவிடும். தாலிக்கொடியை அடகுக்குக் கொண்டுவராமல் இருக்க முடிந்தால் நல்லது. வேறு வழியே இல்லையென்றால், அதை ஆகக் குறைந்த தொகைக்குத் தனிச் சீட்டாக வைத்து, முதலில் அதையே மீட்கத் திட்டமிடுங்கள்.

இப்போது அதே தொடர்மாடியில் மேல்மாடியில் இருக்கும் இன்னொரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கும் 10 இலட்சம் தேவை, ஆனால் காப்புறுதியும் இல்லை, சேமிப்புச் சீட்டும் இல்லை, வெளிநாட்டில் உறவும் இல்லை. சம்பளத்தில் மாதம் 30,000 ரூபா ஒதுக்கலாம், அவ்வளவுதான். அடகு வைத்துவிட்டு ஒரு மாதமும் தவறாமல் 30,000 கட்டினாலும், ஆண்டு முடிவில் ஏறத்தாழ 7,46,000 ரூபா நிலுவை இருக்கும். அதை ஒரே நாளில் கட்ட அவர்களிடம் பணம் இராது. ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தால் நிலுவை 11,20,000 ரூபா. பொன் விலை ஏறியிருந்தால், வட்டியையும் சேர்த்துப் புதுச் சீட்டு எழுதித் தருவார்கள். வாடிக்கையாளருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும், ஆனால் அந்த நாளிலிருந்து வட்டிக்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் 12,54,000, மூன்றாம் ஆண்டு முடிவில் 14 இலட்சத்துக்கும் மேல். பொன் விலை ஏறாத ஆண்டில் இப்படிப் புதுப்பிக்கவும் முடியாது. 2013 இல் உலகச் சந்தையில் பொன் விலை காற்பங்குக்கு மேல் விழுந்தபோது, மீட்கக் கட்ட வேண்டிய தொகை நகையின் பெறுமதியைவிடக் கூடியதால் பலர் நகைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். மாதாமாதம் மட்டுமே கட்டக்கூடிய இந்தக் குடும்பத்துக்கு 27,830 ரூபாத் தவணையுள்ள தனிநபர் கடனே பொருத்தம். வட்டி கூடத்தான், ஆனால் நாற்பத்தெட்டாம் மாதம் கடன் முடிந்திருக்கும்.

தனிநபர் கடன் உடனே கிடைக்காதே என்று கேட்கலாம். அதற்கு நான் பலருக்குச் சொன்ன வழி, முதல் நாள் நகையை அடகு வைத்து வைத்தியசாலைக்குக் கட்டிவிட்டு, அடுத்த வேலைநாளே தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்து, அது வந்தவுடன் நகையை மீட்பதாகும். இரண்டு வாரத்துக்கு அடகு வட்டி 5,000 ரூபா அளவில் வரும். சில இடங்களில் மாதத்தின் ஒரு பகுதியையும் முழு மாதமாகக் கணக்கிடுவார்கள் என்பதால் அது 10,000 ஆகவும் இருக்கலாம். வைக்கும்போதே கேட்டுவிடுங்கள். தனிநபர் கடன் மறுக்கப்படவும் கூடும் என்பதால், விண்ணப்பத்தின் முடிவு தெரியும்வரை அந்தக் காசை எதிர்பார்த்து வேறு செலவுகளை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆபத்து என்ற இடத்தில் இரண்டு கடன்களும் வெவ்வேறு ஆட்களைத் தொடுகின்றன. தனிநபர் கடனில் தவணை தவறினால், உங்களுக்காகக் கையெழுத்திட்ட பிணையாளருக்கு வங்கியிலிருந்து கடிதம் போகும். அவர் அநேகமாகப் பக்கத்து மேசையில் இருக்கும் சக ஊழியராகவே இருப்பார். அத்தோடு கிரிப்பில் நிலுவை பதிவாகி அடுத்த கடனைத் தடுக்கும். வட்டி வீதம் கடன் முடியும்வரை மாறாததா, இடையில் மாறுவதா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணைகள் எதிர்பாராத அளவுக்கு ஏறின.

அடகில் ஆபத்து முழுவதும் நகையின் மேல்தான். சீட்டின் காலம் முடிந்தால் வங்கி முதலில் அறிவித்தல் அனுப்பும், பிறகு ஏலம் வரும். ஏலத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுக்குரியது. அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களும் உண்டு. ஏலத்தில் பொன்னுக்குத்தான் விலை, செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் யாரும் விலை தர மாட்டார்கள். அதே காப்பைப் பிறகு செட்டியார் தெருவில் செய்விக்கப் போனால் அவை இரண்டையும் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை எங்கள் கிளையிலிருந்து பதிவுத் தபாலில் போன அறிவித்தல் ஒன்று, அந்த முகவரியில் அவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சில மாதங்களுக்குப் பிறகு அந்த அம்மா சேமித்த காசைக் கைப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். நகை ஏலம் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. வாடகை வீடு மாறியபோது வங்கிக்குச் சொல்லத் தோன்றவில்லை என்றார். அடையாள அட்டையில் பழைய முகவரியே இருந்தது, தொலைபேசி இலக்கமும் மாறியிருந்தது. மகளின் சாமத்தியத்துக்குச் செய்த சங்கிலி என்று சொல்லிச் சீட்டை விரித்துக் காட்டியபடியே நின்றார். ஏல மீதியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்ததைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறினால், அந்த வாரமே கிளைக்குப் போய்ப் புதிய முகவரியையும் இலக்கத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொல்லி வந்தேன்.

மொத்தமாகக் காசு வரும் வழி தமக்கு இல்லை என்று நினைப்பவர்கள், ஒரு தடவை தேடிப் பார்ப்பதில் தவறில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்குப் பங்களித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர்கள், வைத்தியத் தேவைக்காக அதில் 30 வீதம் வரை எடுக்க விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவும் விண்ணப்பிக்க முடிகிறது. இவை இரண்டும் உடனே கையில் வரும் பணம் அல்ல, ஆனால் ஓராண்டுச் சீட்டில் ஒன்றை மீட்கப் போதுமானதாக இருக்கலாம். வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதிகளைக் காப்புறுதிக்குக் கொடுப்பதற்கு முன் பிரதி எடுத்து வைத்திருங்கள், வேறு விண்ணப்பங்களுக்கும் அவற்றைக் கேட்பார்கள்.

கருமபீடத்தை விட்டு நகர்வதற்கு முன், அடகுச் சீட்டை நின்று வாசியுங்கள். நகைகளின் எண்ணிக்கை, மொத்த நிறை, நிகர நிறை, கரட், வட்டி வீதம், முடிவுத் திகதி ஆகியவை அதில் இருக்கும். நிறை உங்களுக்குத் தெரிந்த அளவிலிருந்து குறைந்திருந்தால், பொதி முத்திரையிடப்படுவதற்கு முன்பே மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். தூக்கிப் பெட்டிக்குள் போடாமல், சீட்டைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னதாக வரும் திகதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். மீட்கும் நாளிலும் அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பொதியைக் கண்முன்னே திறப்பித்து, நிறுத்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.